வட்டி எந்தத் தேதியில் ஆலைக்குள் நுழைகிறது?

ஓர் ஆலை கட்டி முடியும்வரை, அதற்காக வாங்கிய கடனுக்கான வட்டி லாப நட்டக் கணக்கில் செலவாக ஏறாது. கம்பி, சிமென்ட், இயந்திரம் ஆகியவற்றின் விலையோடு சேர்ந்து அதுவும் ஆலையின் அடக்கவிலையாகிவிடும். ஆலை ஓடத் தொடங்கிய பிறகு தேய்மானமாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இதை மறைப்பு வேலை என்று எண்ணிவிட வேண்டாம். நியாயமான விதி இது. கட்டி முடிக்க மூன்று ஆண்டு ஆகும் ஆலைக்கு, அந்த மூன்று ஆண்டும் பணத்தை முடக்கிவைத்த செலவும் ஆலையின் செலவுதான். பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தும் இந்தியக் கணக்கியல் தரநிலை 23, அதாவது இண்ட் ஏ.எஸ். 23, இதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது.

ஆனால், அந்த விதியின் உயிர் மூன்று தேதிகளில் இருக்கிறது. வட்டியை ஆலையின் மீது ஏற்றுவது என்றைக்குத் தொடங்கலாம், வேலை நின்றுபோனால் என்றைக்கு நிறுத்திவைக்க வேண்டும், என்றைக்கு முழுதாக முடித்துக்கொள்ள வேண்டும் என்பவை அவை. தணிக்கைத் துறையில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வட்டி விகிதத்தைச் சரிபார்க்க நாங்கள் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூட இந்தத் தேதிகளுக்குச் செலவிடுவதில்லை. கடன் ஒப்பந்தத்தை எடுத்து, எக்செல் தாளை எடுத்து, நாள் வாரியாக வட்டியைப் போட்டுப் பார்த்து, ரூபாய்க்கு ரூபாய் சரியாக வந்தால் டிக் அடித்துவிடுகிறோம். அந்தத் தாளின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் உள்ள தேதிகளை யார் முடிவு செய்தார்கள், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்ற கேள்விக்கு, கோப்பில் பெரும்பாலும் நிர்வாகம் எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் குறிப்புதான் பதிலாக இருக்கும்.

தேதியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று காட்ட ஓர் ஆலையை எடுத்துக்கொள்வோம். இது எந்த நிறுவனத்தின் கதையும் அல்ல. கணக்கு விளங்குவதற்காக நான் அமைத்துக்கொண்டது. அரியலூர் போன்ற சுண்ணாம்புக்கல் பூமியில் ஒரு சிமென்ட் ஆலை எழுகிறது. கிளிங்கர் சூளை, அரைவைப் பிரிவு, நிலக்கரியில் ஓடும் சொந்த மின்நிலையம் ஆகிய மூன்றும் சேர்த்து மொத்தச் செலவு 900 கோடி ரூபாய். அதில் 600 கோடி கடன். வட்டி 10 சதவீதம். முழுக் கடனும் கைக்கு வந்த பிறகு மாதத்துக்கு 5 கோடி ரூபாய் வட்டி ஓடுகிறது. வட்டி விகிதத்தில் கால் சதவீதம் பிசகினால் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடிதான் வித்தியாசம். தேதி ஒரு மாதம் பிசகினாலே 5 கோடி.

பணம் வந்த நாள் தொடக்க நாள் அல்ல

தொடக்கத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஆலைக்காகச் செலவு நடந்திருக்க வேண்டும். கடன் செலவு ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். ஆலையைத் தயார்ப்படுத்துவதற்கான வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். மூன்றும் ஒருசேர நிறைவேறும் முதல் நாள்தான் தொடக்க நாள். ஆகவே, மூன்றில் எது கடைசியாக வருகிறதோ அதுவே தேதியைத் தீர்மானிக்கும்.

நம் ஆலைக்கு முதலாம் ஆண்டு மே மாதத்தில் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கப்படுகிறது. ஜூலை 1 அன்று, திட்டத்துக்கென்றே வெளியிட்ட கடன்பத்திரத்தின் மூலம் 300 கோடி ரூபாய் வருகிறது. உடனே தேவைப்படாததால் அந்தப் பணம் 6 சதவீத வட்டியில் வைப்புத்தொகையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. நிறுவனம் ஜூலை 1 முதலே வட்டியை ஆலையின் மீது ஏற்றத் தொடங்குகிறது. நிலத்துக்குச் செலவு செய்தாகிவிட்டது, கடனும் வந்துவிட்டது, வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

வேண்டியது மூன்றாவது நிபந்தனை. ஜூலையில் அந்த நிலத்தில் என்ன நடந்தது? சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள், ஒரு காவலாளியை வைத்தார்கள். நிலத்தை வாங்கிச் சும்மா வைத்திருக்கும் காலத்து வட்டியை ஏற்றக் கூடாது என்று தரநிலை வெளிப்படையாகச் சொல்கிறது. அதேநேரம், வேலை என்றால் மண்ணைத் தோண்டுவது மட்டுமே என்றும் அது சொல்லவில்லை. அனுமதி பெறுவதற்கான பணி, வடிவமைப்பு போன்ற தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளும் கணக்கில் சேரும். எனவே, தணிக்கையாளர் தேட வேண்டியது பூமி பூஜைப் புகைப்படத்தை அல்ல. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் ஆலோசகருக்கு வேலை ஆணை தரப்பட்ட தேதியைத்தான். பூஜை தேதி சில நேரம் உண்மையான தொடக்கத்துக்கு ஓராண்டு பிந்தியும் இருக்கும், சில நேரம் நல்ல நாள் பார்த்து வெகு முன்னதாகவே முடிந்தும் இருக்கும். இரண்டுமே சாட்சியம் ஆகாது.

நம் ஆலையில் அந்த வேலை ஆணை அக்டோபர் 1 தேதியிட்டது. அன்றைக்கே மண் பரிசோதனைக்கும் ஆள் வந்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு கடிதப் போக்குவரத்துகூட இல்லை. ஆகவே, தொடக்கம் அக்டோபர் 1. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாத வட்டி 7.5 கோடி ரூபாய் லாப நட்டக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதோடு, அதே மூன்று மாதத்தில் வைப்புத்தொகையில் கிடைத்த 4.5 கோடி வருமானமும் அங்கேதான் போக வேண்டும். நிகர வித்தியாசம் 3 கோடி.

வைப்புத்தொகை வட்டியை நான் தனியே சொல்வதற்குக் காரணம் உண்டு. திட்டத்துக்கென்றே வாங்கிய கடனைத் தற்காலிகமாக முதலீடு செய்தால், அதில் வரும் வருமானத்தைக் கழித்துவிட்டு மீதியைத்தான் ஆலையின் மீது ஏற்ற வேண்டும். தொடக்கத் தேதிக்குப் பிறகும் நம் ஆலையின் பணம் மாதக்கணக்கில் வைப்பில் இருந்தது. அந்த வருமானம் ‘இதர வருமானம்’ என்ற தலைப்பில் போய்ச் சேர்ந்திருந்தால், செலவு ஆலைக்கும் வரவு லாபத்துக்குமாகப் பிரிந்துவிடும். வங்கியிலிருந்து வரும் வரிப்பிடித்தச் சான்றைத் திட்டக் கணக்கோடு ஒப்பிட்டாலே இது பிடிபடும்.

ஆள் இல்லாத மாதங்கள்

மூன்றில் அதிகம் புறக்கணிக்கப்படுவது இடைநிறுத்தத் தேதி. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஏதாவது ஒரு காகிதம் இருக்கும். வேலை நின்றுபோனதற்கு யாரும் விழா எடுப்பதில்லை, இயக்குநர் குழுவில் தீர்மானம் போடுவதும் இல்லை. அது தானாகத் தணிக்கையாளரின் மேசைக்கு வராது.

ஆலையை உருவாக்கும் முனைப்பான வேலை நீண்ட காலத்துக்குத் தடைப்பட்டால், அந்தக் காலத்தின் வட்டியை ஆலையின் மீது ஏற்றக் கூடாது என்பது விதி. இதற்கு இரண்டு விலக்குகள். அந்தக் காலத்தில் கணிசமான தொழில்நுட்ப, நிர்வாக வேலை நடந்திருந்தால் நிறுத்த வேண்டாம். அந்தத் தாமதம், ஆலையைக் கட்டுவதில் தவிர்க்க முடியாத ஒரு பகுதியாக இருந்தாலும் நிறுத்த வேண்டாம். பாலம் கட்டும்போது ஆற்றில் வெள்ளம் உயர்வது அந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் வழக்கமானது என்றால், அதனால் வேலை நின்றாலும் வட்டி ஏறலாம் என்று தரநிலையே உதாரணம் தருகிறது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு இது அப்படியே பொருந்தும். நவம்பர் மழையில் அஸ்திவாரக் குழிகளில் தண்ணீர் நின்று மூன்று வாரம் வேலை நடக்காவிட்டால் அது இடைநிறுத்தம் ஆகாது.

ஆனால், 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்கு அப்படிப்பட்டதல்ல. எந்தக் கட்டுமான அட்டவணையிலும் அது வழக்கமான பகுதியாக இருந்ததில்லை. அதனால்தான் அப்போது இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பில் வட்டி ஏற்றுவதை நிறுத்திவைக்கும் விதியும் நினைவூட்டப்பட்டது.

பருவமழையும் பெருந்தொற்றும் ஊரறிந்தவை. சிக்கலான நிறுத்தங்கள் ஒப்பந்ததாரர் தொடர்பானவை. எண்ணூர் அனல்மின் நிலைய விரிவாக்கத்தில் 660 மெகாவாட் அலகுக்கு 2014-ல் ஒப்பந்தம் தரப்பட்டது. அதை எடுத்த நிறுவனம் 2017-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. மிச்ச வேலையைப் பின்னால் வேறொருவருக்குத் தர வேண்டியதாயிற்று. அதன் கணக்குவழக்கைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. கட்டுமானத்தில் ஆண்டுக்கணக்கான இடைவெளிகள் விழுவது நம் கண்முன்னே நடப்பது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் சிமென்ட் ஆலையில் நான்காம் ஆண்டு பிப்ரவரி 1 அன்று ஒப்பந்ததாரர் பில் தகராறில் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு போய்விடுகிறார். புது ஒப்பந்ததாரர் ஆகஸ்ட் 1 அன்றுதான் வந்து இறங்குகிறார். இடைப்பட்ட ஆறு மாதமும் வட்டி ஆலையின் மீது ஏறிக்கொண்டே இருந்தது, மொத்தம் 30 கோடி. நிறுவனத்தின் விளக்கம் இது: “வேலை நிற்கவில்லை. வடிவமைப்பு மாற்றமும் மறுடெண்டர் வேலையும் நடந்தன.”

இதை நம்புவதா, மறுப்பதா? இரண்டையும் உட்கார்ந்த இடத்திலிருந்து செய்ய முடியாது. கட்டுமானத் தளத்தில் ஒவ்வொரு நாளும் தன்னைத்தானே பதிவு செய்துகொள்ளும். வாசலில் ஆள் வரவுப் பதிவேடு இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் வருங்கால வைப்புநிதிச் சலானில் மாதாமாதம் எத்தனை பேர் என்று இருக்கிறது. டீசல் வழங்கல் பதிவேடு இருக்கிறது. கட்டுமானத்துக்கென்று எடுத்த தற்காலிக மின் இணைப்பின் மாதாந்திர பில்லில் யூனிட் இருக்கிறது. அளவுப் புத்தகமான எம்-புக்கும், ஒப்பந்ததாரரின் ஆர்.ஏ. பில்களும் இருக்கின்றன. வங்கிகளுக்காகத் தனியாகத் தளத்தைப் பார்த்து அறிக்கை தரும் பொறியாளர், எல்.ஐ.இ., காலாண்டுக்கு ஒருமுறை எத்தனை சதவீதம் முடிந்தது என்று எழுதுகிறார். இரண்டு அடுத்தடுத்த அறிக்கைகளில் ஒரே சதவீதம் இருந்தால் அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் நம்புவது ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரை. வேலைக்கு எந்த நாளில் என்ன தடை வந்தது, யாரால் வந்தது, எப்போது விலகியது என்று இரு தரப்பும் கையெழுத்திடும் பதிவேடு அது. கணக்குக்காக எழுதப்பட்டதல்ல என்பதே அதன் பெருமை. கால நீட்டிப்பு, அபராதம், இழப்பீடு ஆகிய சண்டைகளுக்காக எழுதப்படுவது. அதே காரணத்தால், சண்டை நடுவர் மன்றத்துக்குப் போயிருந்தால் அங்கே நிறுவனம் தாக்கல் செய்த மனுவைக் கட்டாயம் படிக்க வேண்டும். “ஒப்பந்ததாரர் தளத்தைக் கைவிட்டுப் போனார், ஆறு மாதம் ஒரு வேலையும் நடக்கவில்லை” என்று அங்கே எழுதிவிட்டு, தணிக்கையாளரிடம் வேலை நடந்தது என்று சொன்னால், இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். மனுவை எழுதும் வழக்கறிஞரும் வட்டித் தாளைத் தயாரிக்கும் கணக்காளரும் பேசிக்கொள்வதே கிடையாது. அதனால்தான் இந்த முரண் வெளியே தெரிகிறது.

நம் ஆலையில் இந்தப் பதிவுகளைப் பார்த்தால் நிறுவனத்தின் வாதம் பாதி உண்மை என்று தெரிகிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் சூளையின் முன்சூடாக்கிக் கோபுரத்துக்கு அஸ்திவாரத்தை மறுபடியும் வடிவமைத்திருக்கிறார்கள். வடிவமைப்பு நிறுவனத்தின் வரைபடப் பதிவேட்டில் திருத்தப்பட்ட வரைபடங்கள் தேதியோடு இருக்கின்றன. அவற்றுக்கான கட்டண பில்லும் இருக்கிறது. இது கணிசமான தொழில்நுட்ப வேலைதான். அந்த இரண்டு மாத வட்டி ஆலையின் மீது ஏறலாம். ஏப்ரல் முதல் ஜூலை வரை அப்படி ஒன்றும் இல்லை. விலைப்புள்ளி கேட்டுச் சில மின்னஞ்சல்கள், இரண்டு கூட்டங்கள், அவ்வளவுதான். மின் பில்லில் காவலாளி அறைக்கும் தெருவிளக்குக்குமான யூனிட் மட்டும். புது ஒப்பந்ததாரரைத் தேடுவதே கணிசமான நிர்வாக வேலை என்று வாதிடுவோர் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. விலை பேசிக்கொண்டிருப்பதால் ஆலை ஓர் அங்குலமும் தயார்நிலையை நெருங்குவதில்லை. ஆகவே, ஏப்ரல் முதல் நான்கு மாத வட்டி, 20 கோடி ரூபாய், லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டும்.

நீண்ட காலம் என்றால் எத்தனை நாள் என்று தரநிலை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரி என்றே நினைக்கிறேன். ஆனால், நிறுவனம் அதைத் திட்டம் தொடங்கும்போதே தன் கொள்கையாக எழுதி வைக்க வேண்டும். வேலை நின்ற பிறகு எழுதும் கொள்கை, நின்ற நாள்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எழுதப்படும்.

2021 மார்ச்சில் கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வந்த திருத்தம் இங்கே கைகொடுக்கிறது. கட்டுமானத்தில் இருக்கும் சொத்துகளை நடந்துகொண்டிருக்கும் திட்டங்கள், தற்காலிகமாக நிறுத்தப்பட்ட திட்டங்கள் என இரண்டாகப் பிரித்து, எத்தனை ஆண்டுப் பழையவை என்று அட்டவணை போட வேண்டும். ஒரு திட்டத்தை அந்த அட்டவணையில் ‘நிறுத்தப்பட்டது’ என்று காட்டிவிட்டு அதன் மீது வட்டியும் ஏற்றியிருந்தால், ஆண்டறிக்கையைப் படிக்கும் சாதாரண முதலீட்டாளரும் கேள்வி கேட்கலாம்.

தயார் என்பது எப்போது?

முடிவுத் தேதியில்தான் பேரம் அதிகம். காரணம், அன்றைக்கு இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறக்கின்றன. வட்டி லாபத்தைக் குறைக்கத் தொடங்குகிறது, தேய்மானமும் தொடங்குகிறது. தொடர் உற்பத்தி ஆலைக்குக் கம்பெனிகள் சட்டத்தின்படி 25 ஆண்டு ஆயுள் என்று வைத்தால், 900 கோடிக்கு ஆண்டுத் தேய்மானம் ஏறத்தாழ 36 கோடி. முடிவுத் தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்தால் 15 கோடி வட்டி, 9 கோடி தேய்மானம் என 24 கோடி ரூபாய் அந்த ஆண்டின் செலவிலிருந்து தப்பிவிடுகிறது.

ஆலையை அதன் நோக்கத்துக்குத் தயார்ப்படுத்தும் வேலைகள் ஏறக்குறைய எல்லாம் முடிந்த நாளே முடிவு நாள் என்கிறது தரநிலை. ஏறக்குறைய என்ற சொல் முக்கியமானது. சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது, உணவகம் கட்டுவது, மரம் நடுவது போன்ற மிச்சங்கள் முடிவுத் தேதியைத் தள்ளாது. வழக்கமான அலுவலக நடைமுறைகள் பாக்கி இருப்பதும் தள்ளாது. ஆனால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு வராமல் இருந்தால்? அதை வெறும் நடைமுறை என்று தள்ளிவிட முடியாது. வாரியம் குறை கண்டு கூடுதலாகத் தூசி வடிகட்டி பொருத்தச் சொல்லியிருந்தால் ஆலை இன்னும் தயாராகவில்லை. எல்லாம் முடிந்து, கடிதம் வருவது மட்டும் பாக்கி என்றால் தயார். எது எது என்று வாரியத்தின் ஆய்வுக் குறிப்பைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

நம் ஆலையில் ஐந்தாம் ஆண்டு ஜனவரி 10 அன்று சூளை பற்றவைக்கப்படுகிறது. பிப்ரவரி முழுக்க ஓடுவதும் நிற்பதுமாக இருக்கிறது. சூளைக்குள் பொருள் ஒட்டி வளையம் கட்டிக்கொள்கிறது, கிளிங்கரில் வேகாத சுண்ணாம்பு அதிகமாக வருகிறது. இது உண்மையான சோதனை ஓட்டம். இந்தக் காலத்து வட்டி ஆலையின் மீது ஏறுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. மார்ச் 20 அன்று இயக்க இசைவு வருகிறது. மார்ச் பிற்பகுதியில் சூளை நிற்காமல் ஓடி, தரமான கிளிங்கர் வருகிறது. ஏப்ரல் முதல் தினமும் சரக்கு வெளியே போகிறது. நிறுவனமோ ஜூன் 30 வரை வட்டியை ஏற்றுகிறது. இயந்திரம் தந்தவரின் உத்தரவாதச் சோதனை இன்னும் முடியவில்லை, முழுக் கொள்ளளவையும் எட்டவில்லை என்பது காரணம்.

உத்தரவாதச் சோதனை என்பது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையிலான பேச்சு. ஒரு கிலோ கிளிங்கருக்கு இவ்வளவு வெப்பம், ஒரு டன்னுக்கு இவ்வளவு மின்சாரம் என்று வாக்குக் கொடுத்ததை நிரூபிப்பது அதன் வேலை. அதில் தோற்றால் இழப்பீடு கிடைக்கும், ஆலை நின்றுவிடாது. முழுக் கொள்ளளவுக்குக் குறைவாக ஓடும் காலத்தின் செலவைச் சொத்தின் விலையில் சேர்க்கக் கூடாது என்று இண்ட் ஏ.எஸ். 16 நேரடியாகவே சொல்கிறது. எனவே, முடிவு மார்ச் 31. மூன்று மாத வட்டியான 15 கோடி திரும்ப வேண்டும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில் சிமென்ட் ஆலை தணிக்கையாளருக்கு ஒரு வசதி செய்து தருகிறது. சூளையின் புகைபோக்கியில் பொருத்தியிருக்கும் தொடர் கண்காணிப்புக் கருவிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் சர்வருக்கு அளவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். சூளை எந்த நாளில் ஓடியது, எந்த நாளில் நின்றது என்பதை அந்தப் பதிவில் படிக்கலாம். அதைக் கட்டுப்பாட்டு அறையின் கணினிப் பதிவோடும், ஆய்வகத்தின் தினசரித் தரப் பதிவேட்டோடும், சரக்கோடு போன மின்வழிச் சீட்டுகளோடும் பொருத்திப் பார்த்தால் ஒரு வாரத்துக்குள் தேதி பிடிபடும்.

கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே இன்னொரு தடயம் இருக்கும். சோதனை ஓட்டத்தில் விளைந்த பொருளை விற்றால், சோதனைச் செலவுக்கு மேல் மிஞ்சும் தொகையை இந்தியாவில் லாபமாகக் காட்டக் கூடாது, ஆலையின் விலையிலிருந்து கழிக்க வேண்டும் என்று 2022 திருத்தம் தெளிவுபடுத்தியது. நம் நிறுவனம் ஏப்ரல் முதல் விற்பனையைச் சாதாரண வருவாயாகவே காட்டியிருக்கிறது. விற்பனைக்கு ஆலை தயார், வட்டிக்கு மட்டும் தயாராகவில்லை என்பது ஒரே புத்தகத்தில் சேர்ந்து நிற்க முடியாது.

பகுதி பகுதியாக முடியும் திட்டத்தில் இன்னும் கவனம் வேண்டும். மற்றவை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பகுதியைத் தனியாகப் பயன்படுத்த முடியுமானால், அந்தப் பகுதிக்கு வட்டி அன்றே நிற்க வேண்டும். அரைவைப் பிரிவு சூளைக்காகக் காத்திருக்கலாம், கிளிங்கர் இல்லாமல் அரைக்க ஒன்றுமில்லை. ஆனால், மின்நிலையம் அப்படியல்ல. நம் ஆலையின் மின்நிலையம் நான்காம் ஆண்டு டிசம்பர் 1 முதலே மின்சாரத்தை வெளியே விற்றுக்கொண்டிருந்தது. கடனில் அதன் பங்கு 120 கோடி, மாத வட்டி 1 கோடி. டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதத்துக்கு 4 கோடி ரூபாய் ஆலையின் மீது தவறாக ஏறியிருக்கிறது.

ஆக மொத்தம், தொடக்கத்தில் 3, நிறுத்தத்தில் 20, முடிவில் 15, மின்நிலையத்தில் 4 என 42 கோடி ரூபாய். வட்டித் தாளில் ஒரு கூட்டல் பிழைகூட இல்லை. எல்லாப் பிழையும் தேதியில்.

இன்னொருவரின் தேதியை இரவல் வாங்குவது

நேர்மையான நிறுவனங்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஆலைக்கு ஒரே முடிவுத் தேதிதான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கிக்கு ஒரு தேதி உண்டு. வணிக உற்பத்தி தொடங்கும் நாள், டி.சி.சி.ஓ., என்று அதைச் சொல்வார்கள். கடன் வாராக்கடனாக வகைப்படுமா என்பது அதைப் பொறுத்தது. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள், உள்கட்டமைப்புத் திட்டங்களுக்கு மூன்று ஆண்டு, மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டு வரை அந்தத் தேதியைத் தள்ளிவைக்க இடம் தருகின்றன. வருமான வரிக்கு இன்னொரு தேதி. அங்கே சொத்தை முதன்முதலாகப் பயன்படுத்திய நாள்தான் கணக்கு. தயாரான நாள் அல்ல. அனல்மின் அலகுக்கு மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடைமுறையில் 72 மணி நேரச் சோதனை ஓட்டம் உண்டு. இவை ஒவ்வொன்றும் அதனதன் காரியத்துக்குச் சரி. வங்கி தள்ளிவைத்த தேதியைக் கணக்குக்கும் எடுத்துக்கொண்டால், தயாராகி ஓடிக்கொண்டிருக்கும் ஆலை ஏட்டில் மட்டும் இன்னும் கட்டுமானத்தில் இருக்கும்.

முடிவுத் தேதியின் விளைவு அந்த ஆலையோடு நிற்பதும் இல்லை. ஆலை தயாரானதும், அதற்கென்று வாங்கிய கடன் தீராமல் இருந்தால், அது நிறுவனத்தின் பொதுக் கடன்களோடு சேர்ந்துவிடும். அடுத்த திட்டத்துக்குப் பொதுக் கடனின் சராசரி வட்டி விகிதத்தைக் கணக்கிடும்போது அதையும் சேர்க்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் இது விதி. முதல் ஆலையின் தேதி தவறினால் இரண்டாம் ஆலையின் விகிதமும் தவறும்.

தேதிகளை வெளியே சொல்லட்டும்

இவ்வளவுக்கும் பிறகு ஆண்டறிக்கையில் வாசகருக்குக் கிடைப்பது என்ன? ஆலையின் மீது ஏற்றிய வட்டி எவ்வளவு, எந்த விகிதத்தில் ஏற்றப்பட்டது என்ற இரண்டு தகவல்களை மட்டுமே இண்ட் ஏ.எஸ். 23 கேட்கிறது. 42 கோடியை முடிவு செய்த தேதிகள் எங்கேயும் இல்லை. விகிதத்தை வைத்துக்கொண்டு வெளியாள் எதையும் சரிபார்க்க முடியாது. தேதி கிடைத்தால், அந்த ஊர்க்காரர்கூடச் சரிபார்த்துவிடலாம். சூளை புகைந்த நாளும் ஆள் இல்லாமல் கிடந்த மாதங்களும் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் அட்டவணையின் தற்போதைய பட்டியலோடு நான்கு கட்டங்களைச் சேர்த்தால் போதும்: குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு திட்டத்துக்கும் தொடங்கிய தேதி, நிறுத்திவைத்த காலம், மீண்டும் தொடங்கிய தேதி, முடிந்த தேதி. நிறுத்தக் காலத்தில் லாப நட்டக் கணக்குக்குப் போன வட்டியைப் பக்கத்திலேயே எழுதலாம். நிறுவனங்களுக்கு இதில் கூடுதல் வேலை இல்லை. இந்தத் தேதிகள் இல்லாமல் வட்டித் தாளையே அவர்கள் தயாரித்திருக்க முடியாது. தொழில் ரகசியம் கசியும் என்ற ஆட்சேபம் வரும். சோதனை ஓட்டம் தொடங்கியதைப் பங்குச்சந்தைக்குத் தெரிவித்துப் பத்திரிகையிலும் விளம்பரம் தரும் நிறுவனங்கள் அதைச் சொல்வது பொருந்தாது.

தணிக்கையாளர்கள் சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. நிர்வாகத்தின் எழுத்துமூல உறுதிமொழி மட்டுமே போதிய சாட்சியம் ஆகாது என்று தணிக்கைத் தரநிலை 580 ஏற்கெனவே சொல்கிறது. 2018-ல் அமைந்த தேசிய நிதி அறிக்கை ஆணையம், கோப்புகளை ஆய்வு செய்யும்போது வட்டித் தாளோடு தேதிக்கான சாட்சியத்தையும் தனியே கேட்கட்டும். கோப்பில் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரின் நகல் இருக்கிறதா, தற்காலிக மின் இணைப்பின் பில்கள் இருக்கின்றனவா, தளத்துக்குப் போய்வந்த குறிப்பு இருக்கிறதா என்று கேட்டால் போதும். கட்டுமானம் நடக்கும் எந்த நிறுவனத்தின் தணிக்கையிலும், ஆண்டு முடிவதற்குக் காத்திராமல் நடுவில் ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல் தளத்துக்குப் போவதை வழக்கமாக்க வேண்டும். இடைநிறுத்தத்தை மார்ச் 31-க்குப் பிறகு காகிதத்தில் தேடுவது கடினம். ஜூன் மாதத்தில் அங்கே போய் நின்றால் தேடவே வேண்டியதில்லை.